திரும்பி வந்த செக்

செக் திரும்பி வந்துவிட்டது. கணக்கில் போதிய பணம் இல்லை என்று பேங்க் அச்சடித்த துண்டுச்சீட்டு அதன் தலையில் குத்தியிருந்தது. கணக்குப் பார்ப்பவள் அதைக் காலையிலேயே வாங்கி வந்து ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்திருந்தாள். வைத்ததிலிருந்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே கோடவுன் முற்றத்தில் லாரி நின்றது. டைல்ஸ் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அந்தச் சரக்கும், பழைய பாக்கிக்கு இந்தச் செக்கைக் கொடுத்தவருக்குத்தான். அவர் முதலாளியின் தங்கை புருஷன். கடையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை.

பாக்கி இல்லாதவருக்குத்தான் சரக்கை வெளியே விடும் கேட் சீட்டு. செக்கைப் பேங்கில் போட்ட அன்றே வரவு வைத்துவிடுவது இந்தக் கடை வழக்கம். அப்படித்தான் அவளும் வைத்திருந்தாள். அதனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை மாப்பிள்ளை சுத்தமான மனிதர். சீட்டு அடித்தால் வரும். அதன் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். லாரி கேட்டைத் தாண்டினால் அந்தச் சரக்கு எங்கே கைமாறும் என்று யாருக்கும் தெரியாது. பிறகு கேள்வி வந்தால், கையெழுத்துதான் பேசும்.

மாப்பிள்ளை கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்ன கணக்கம்மா, சீட்டு இன்னும் பிறக்கலையா? பிரசவ வலி ரொம்ப நேரமா இருக்கே."

"கொஞ்சம் இருங்க சார்."

"இருக்கேன், இருக்கேன். மச்சான் கடைதானே, வாடகையா கேக்கப் போறாரு?" சிரித்துக்கொண்டே தலையை வெளியே இழுத்தார். சிரிப்பு போன பிறகும் அவர் கை கதவுப் பிடியை விடாமல் கொஞ்ச நேரம் இருந்ததை அவள் பார்த்தாள்.

செக்கை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள். அவர் துண்டுச்சீட்டைப் படித்தார். மறுபடி படித்தார்.

"செக் திரும்பினதைச் சாயங்காலம் எழுதலாமே," என்றார் கடைசியில்.

"சாயங்காலம்னா லாரி போயிருக்கும் சார். நான் கையெழுத்துப் போட்டாத்தானே போகும்."

அவள் நகரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். முடியவில்லை.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அன்னைக்கு வச்ச வரவையே அழிச்சிடுங்க. அவர் செக்கே தரலைன்னு இருக்கட்டும். லாரியும் நிக்கும், செக் திரும்பின கதையும் வெளிய தெரியாது. தங்கச்சி மானம் மிஞ்சும்."

"பேங்க் தாள்ல பணம் உள்ள வந்ததும் இருக்கும், வெளிய போனதும் இருக்கும் சார். நம்ம கணக்குல ரெண்டுமே இல்லாம இருந்தா ஒத்துப்போகாது. வரவு அப்படியே இருக்கணும். இன்னைக்குத் தேதியில அதைத் திருப்பி எழுதணும். அவர் பேர்ல பற்று, பேங்க்ல கழிவு."

முதலாளி நாற்காலியைத் திருப்பி முற்றத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை லோடு ஏற்றுபவர்களிடம் கை வீசி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்தார்கள். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எழுதுங்க," என்றார் திரும்பாமலே.

அவள் தன் மேஜைக்கு வந்து எழுதினாள். செக் எண், திரும்பிய காரணம், தொகை. பொத்தானை அழுத்தியதும் மாப்பிள்ளை பெயருக்கு நேரே பழைய பாக்கி முழுசாக வந்து உட்கார்ந்தது. சீட்டு அடிக்கும் கட்டம் மங்கிவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

வெளியே முதலாளியின் குரல் கேட்டது. "செக் திரும்பிடுச்சு மாப்பிள்ளை. லோடை இறக்கச் சொல்லுங்க."

"மச்சான், விளையாடாதீங்க. பேங்க்காரன் ஏதோ குழப்பிட்டான். நாளைக்கே மறுபடி போடுங்க, பாஸாயிடும்."

"பாஸாகட்டும். அப்புறம் ஏத்திக்கலாம்."

"உங்க தங்கச்சிகிட்ட என்ன சொல்லட்டும்?"

முதலாளி லோடு ஏற்றுபவர்களைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார். ஒரு பெட்டி லாரியிலிருந்து தரைக்கு இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தார்.

முதலாளி உள்ளே வந்ததும் அவள் எழுந்தாள். ஒன்று மிச்சம் இருந்தது.

"செக் திரும்பினதுக்கு பேங்க் நம்மகிட்ட கட்டணம் பிடிச்சிருக்கு சார். வழக்கமா பார்ட்டி பேர்லதான் ஏத்துவோம்."

அவர் சட்டைப்பையில் போன் அடிக்கத் தொடங்கியது. எடுத்துத் திரையைப் பார்த்தார். யாரென்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அதை அவர் பேர்ல ஏத்தாதீங்க. கடைச் செலவுலயும் வேணாம்," என்றார். "என் சொந்தக் கணக்குல எழுதுங்க."

போனைக் காதில் வைத்தார். "சொல்லும்மா," என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.