இருபத்துமூன்று நிமிடத் திட்டு

இருபத்துமூன்று நிமிடம் திட்டு வாங்கி, அந்தத் திட்டாலேயே ஒரு மாடி வீட்டை விற்றுக்கொடுக்கும் பொறுப்பைப் பிடித்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். பதினோரு தெரு ஏஜெண்ட்.

அவர் தொழில் செய்வது பதினோரு தெருவில் மட்டும். பன்னிரண்டாவது தெருவில் வீடு கேட்டு யாராவது வந்தால், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அந்தப் பக்கத்து ஏஜெண்டின் நம்பரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார். தன்னுடைய பதினொன்றில் ஓர் எறும்பு வீடு மாறினாலும் முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாறும். வாசல் பலகையில் பெயரைவிட லைசென்ஸ் எண் பெரிது. அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதை விமானத்தில் போகிறவர்கள்கூடப் படித்துவிட்டுப் போகலாம்.

இவ்வளவும் இருந்தும் ஆறு மாதமாக அவரிடம் வீடு பார்க்க வந்தது ஈ மட்டும்தான். எதிரே புதிதாக முளைத்த வீடு விற்கும் கம்பெனியின் கண்ணாடிச் சுவர் முழுக்க நாற்பத்திரண்டு வாடிக்கையாளர்கள் பல் தெரியச் சிரித்துப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்டின் சுவரில் இருந்தது வாடிக்கையாளர்கள் எழுதிக்கொடுத்த மூன்றே தாள். மாதக் கடைசிக்குள் ஒரு வீடாவது அமையாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மச்சினனின் பிளெக்ஸ் பேனர் கடையில் பசை தடவப் போகவேண்டும். மனைவி தேதியே குறித்துவிட்டாள்.

மச்சினன் அன்றும் வந்து உட்கார்ந்திருந்தான்.

"மூணு தாளை வெச்சுக்கிட்டு யாராவது வியாபாரம் பண்ணுவாங்களா மாமா? நான் அம்பது எழுதித் தர்றேன். மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்."

"யார் எழுதினதுன்னு கேட்டா?"

"யார் கேக்கப் போறாங்க? சரி, அந்த மூணாவதையாவது கிழிச்சுப் போடுங்க. தையல்காரர் உங்களைத் திட்டியில்ல வெச்சிருக்காரு."

மூன்றாவது தாளில் இப்படி இருந்தது: 'மழை வந்தால் சமையலறையில் தண்ணீர் வரும் என்று வாங்கும் முன்பே சொன்னார். வந்தது. ஆனால் சொன்ன நேரத்துக்கு ஆள் ஒருநாளும் வந்ததில்லை.' கீழே கையெழுத்து, தெரு, போன் எண், யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கலாம் என்ற சம்மதம்.

"தண்ணி வந்தது நிஜம். நான் லேட்டாப் போனதும் நிஜம். இதுல எதைக் கிழிக்கிறது மாப்ளே?" என்றார் ஏஜெண்ட்.

அப்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியை உள்ளே வந்தார். ஒன்பதாவது தெருவின் மூலை மாடி வீடு அவருடையது. விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். தெருநாய்கூட அவரைக் கண்டால் வரிசையில் நிற்கும். வணக்கம் சொல்லும் முன்பே பலகையிலிருந்த லைசென்ஸ் எண்ணைப் போனில் அரசாங்க இணையதளத்தில் தட்டினார். பெயரும் தேதியும் ஒத்துப்போயின.

"எதிர்க்கடையில கேட்டா, லைசென்ஸ் ஹெட் ஆபீஸ்ல இருக்காம்" என்றபடி சுவரைப் பார்த்து வரிசையாகப் போன் போட்டார். முதல் இருவரும் நல்லவிதமாகச் சொன்னார்கள். மூன்றாவது தையல்காரர். டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"பத்து மணின்னு சொல்லிட்டுப் பதினொண்ணேகாலுக்கு வந்தார்மா" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சுவர்க் கடிகாரம்கூடச் சங்கடப்பட்டு மெதுவாக ஓடியது. ஏஜெண்டின் மூக்கில் பசை வாடை அடித்தது. இருபத்துமூன்றாவது நிமிடத்தில் டீச்சர் குறுக்கிட்டார்.

"உங்க தம்பிக்கு வீடு வேணும்னா இவர்கிட்ட அனுப்புவீங்களா?"

"வேற யார்கிட்ட அனுப்புறது? அந்த ஆள் பொய் சொல்ல மாட்டார்மா. பொய் சொல்லணும்னாலும் லேட்டாத்தான் வருவார்."

டீச்சர் போனை வைத்தார். "என் வீட்ல என்ன குறை?"

"மாடி ரூம் மேற்குப் பார்த்தது டீச்சர். சாயந்தரம் அடுப்பு மாதிரி கொதிக்கும். வாங்க வர்றவங்ககிட்ட சொல்லிருவேன்."

"சொல்லு" என்று கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எதிர்க்கடையில நாப்பத்திரண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூட நம்பர் இல்லப்பா. ஒரு அம்மா பத்தொன்பதாவது தெருவுல வீடு வாங்கினாங்களாம். நம்ம ஊர்ல பதினாறாவது தெரு முடிஞ்சா ரயில் தண்டவாளம்."

ஏஜெண்ட் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையில் என்னவோ முக்கியமான ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டை விற்கும் பொறுப்பை ஏஜெண்டுக்குக் கொடுத்து டீச்சர் கையெழுத்துப் போட்டார். இருபத்தெட்டாம் தேதி அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் தையல்காரரின் தம்பி. வீட்டைக் காட்ட ஏஜெண்ட் போனது முக்கால் மணி நேரம் தாமதமாக.

இந்தக் கதையை ஏஜெண்ட் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே மச்சினன் பக்கம் திரும்புவார்கள். அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான். ஒருநாள் அக்கா சாப்பாடு போட்டுக்கொண்டே, "நிஜமாவாடா?" என்று கேட்டபோது தட்டைப் பார்த்தபடி சொன்னான்:

"நடந்ததுதான்க்கா. எதிர்க்கடையில இருந்த நாப்பத்திரண்டையும் எழுதினவன் நான்தான். தண்டவாளத்து மேல வீடு கட்டினதும் நான்தான்."