கேஸ் என்ற பெயரில் ஒரு நம்பர்

சண்முகவடிவு மாட்டுங்காவில் வீட்டு வேலைக்காகப் பாகீரதி மாமி வீட்டுக்குள் நுழைந்து முந்தானையை இழுத்துச் செருகும்போதே மாமி கேட்டாள், பிரேமலதா என்று உனக்குத் தெரிந்து யாராவது உண்டோ என்று. காலையில் யாரோ ஒருவன் போன் செய்தானாம். பிரேமலதா இருக்காளா என்று மட்டும் கேட்டானாம். ராங் நம்பர் என்று மாமி சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டானாம்.

 குரல் எப்படி இருந்தது என்று கேட்டாள் வடிவு. கரகரவென்று இருந்தது, பின்னால் ஏதோ மெஷின் சத்தம் கேட்டது என்றாள் மாமி.

அது வேல்ராஜ்தான். விக்ரோலியில் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் மருமகன். அவன் அடித்த அடியில் காதுச் சவ்வு கிழிந்து, ஒருநாள் உடுத்திய சேலையோடு வீட்டை விட்டு இறங்கியவள் பிரேமலதா. இப்போது அம்பர்நாத்தில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. அங்கேயே ஜுவைரியா என்ற பெண்ணோடு ஒரு அறையில் தங்கியிருக்கிறாள். அவள் அங்கே இருப்பது தாராவியில் வடிவு ஒருத்திக்குத்தான் தெரியும். தன் புருஷன் தளவாயிடம்கூட அவள் சொல்லவில்லை. குடும்பம் என்றால் நாலும் இருக்கும், மாப்பிள்ளை வந்து கூப்பிட்டால் அனுப்பி வைக்கவேண்டியதுதான் என்பது தளவாயின் பேச்சு. அதனால் மகளே தன் புது நம்பரை அம்மாவின் போனில் GAS என்று பெயர் போட்டு ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கும் எழுதி வைக்காதே என்றும் சொல்லியிருந்தாள். வடிவு பேசி முடித்ததும் பேசிய தடத்தை அழித்துவிடுவாள். அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழகியிருந்தாள்.

மாமியின் நம்பர் வேல்ராஜுக்கு எப்படிக் கிடைத்தது? பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவளுக்குச் சட்டென்று பழைய போன் ஞாபகம் வந்தது.

போன வாரம்தான் அவள் புது பட்டன் போன் வாங்கினாள். பழையதில் சார்ஜ் நிற்கவில்லை. தொண்ணூறடி ரோட்டில் கடை வைத்திருக்கும் அம்மார், பழைய போனிலிருந்த நம்பர்களை எல்லாம் சிம்முக்குக் காப்பி செய்து, சிம்மைக் கழற்றிப் புது போனில் போட்டுக் கொடுத்தான். பழைய போன் வீட்டில் டிவி மேல் கிடந்தது. நேற்று வேல்ராஜ் வந்து, ரயிலில் போன் திருடு போய்விட்டது, பழைய சிம் நம்பருக்கே வேறு சிம் வாங்கியாச்சு, போட ஒரு செட்டு இருந்தால் கொடுங்கள் மாமா என்று தளவாயிடம் கேட்டிருக்கிறான். அவர் அதை எடுத்துக் கொடுத்து, பேட்டரி மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வடிவும் அதைக் கேட்டுப் பெரிதாகப் பதறவில்லை. சிம் தன்னிடம் இருக்கிறது, அது வெறும் கூடுதானே என்று நினைத்துவிட்டாள்.

உடனே மகளை எச்சரிக்க வேண்டும் என்று புது போனை எடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். GAS இல்லை. மேலே போனாள், கீழே வந்தாள். இல்லவே இல்லை.

மாமியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு அம்மார் கடைக்கு ஓடினாள். மூச்சு வாங்க விஷயத்தைப் பாதி சொன்னாள், மீதியை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அம்மார் போனை வாங்கிப் பார்த்தான். அவன் முகமும் சுருங்கியது.

சிம்மில் இடம் கொஞ்சம்தான் உண்டு, அதில் ஏற்கெனவே பழைய காலத்து நம்பர்கள் நிறையக் கிடந்திருக்கின்றன என்றான். போனில் இருந்தவை ஏற ஏற, நடுவில் சிம் நிறைந்துவிட்டது. கடைசியாகச் சேர்த்தவை ஏறாமலே நின்றுவிட்டன. அன்றைக்குக் கடையில் கூட்டம், திரையில் வந்த எச்சரிக்கையை அவன் கவனிக்கவில்லை.

"சரி, பழைய போன்ல உள்ளதெல்லாம் போயிருச்சுல்லா?" என்றாள் வடிவு.

"இல்லக்கா. காப்பின்னா ஒண்ணுக்கு ரெண்டா ஆகும், அவ்ளோதான். அதுல இருந்தது அதுலயே இருக்கும். சிம்ம உருவிட்டாலும் போன் மெமரியில உள்ளது போகாது."

அப்படியென்றால் மகளின் நம்பர் இப்போது அவளிடம் இல்லை. வேல்ராஜிடம் இருக்கிறது. வடிவு கடைவாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வேல்ராஜ் பெயர் வரிசைப்படி ஒவ்வொருவரையாக அடித்துக்கொண்டு வருகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. செம்பூரில் அவள் வேலை செய்யும் இன்னொரு வீட்டு ஹரிதாவுக்குப் போட்டுக் கேட்டாள். அப்படி யாரும் கூப்பிடவில்லை என்றாள் ஹரிதா. பாகீரதிக்கும் ஹரிதாவுக்கும் நடுவில்தான் GAS வரும் என்று அம்மார் இங்கிலீஷ் எழுத்து வரிசையைக் காட்டிச் சொன்னான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

விக்ரோலிக்குப் போய் அந்த போனை வாங்கிப் பார்த்துவிடுவது என்று வடிவு எழுந்தாள். அம்மார் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள் வடிவு. போன் கடைக்காரனைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த போனில் ஏதோ இருக்கிறது என்று நாமே காட்டிக் கொடுத்ததுபோல் ஆகும். அவன் வேறு ஒரு வழி சொன்னான். முதலில் அவள் சிம்மில் இருந்ததை எல்லாம் புது போனின் மெமரிக்கு ஏற்றினான். பெயர்கள் வந்துவிட்டனவா என்று இந்தத் தடவை எண்ணிப் பார்த்தான். பிறகு சிம்மை முழுக்கத் துடைத்துக் காலியாக்கினான். இந்தக் காலி சிம்மைப் பழைய போனில் போட்டு, காப்பி கொடுக்காமல் மூவ் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அங்கிருந்து இங்கே வரும், அங்கே மிச்சம் இருக்காது. கடையில் அதே மாதிரி ஒரு போன் இருந்தது. அதில் எந்த பட்டன், எங்கே இறங்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப அமுக்க வைத்தான். "கீழ உள்ளதக்கா. மேல உள்ளத அமுக்கிராதீங்க, மேல உள்ளது காப்பி" என்றான். வடிவின் விரல் அதைப் படித்துக்கொண்டது.

விக்ரோலிக்கு ரயிலில் போகும்போது அவளுக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்நேரம் அடித்திருப்பான், இந்நேரம் அவள் எடுத்திருப்பாள், ஹலோ என்று சொல்லியிருப்பாள் என்றே ஓடிக்கொண்டிருந்தது. குரலைக் கேட்டால் போதும், விடமாட்டான். ஊரெல்லாம் கேட்டு விசாரித்து அம்பர்நாத்தில் போய் நிற்பான்.

பட்டறையில் சாப்பாட்டு நேரம். வேல்ராஜ் ஒரு டிரம் மேல் உட்கார்ந்து அவளுடைய பழைய போனைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தான். மாமியாரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"என்ன அத்தை, இவ்வளவு தூரம்?"

வேலை செய்யும் வீட்டு நம்பர்கள் எல்லாம் புது போனில் வரவில்லை, மாமிமார் ஏசுகிறார்கள், கொஞ்சம் போனைத் தந்தால் என் சிம்மைப் போட்டு எடுத்துக்கொண்டு தந்துவிடுவேன் என்றாள் வடிவு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான், ஆனால் வாயில் வந்தபோது வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

வேல்ராஜ் போனைக் கொடுக்கவில்லை. நானே படிக்கிறேன், எது வேணுமோ சொல்லுங்க என்றான். பெயர்களை உரக்கப் படித்தான். டாக்டர், எலெக்ட்ரீஷியன். ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்தான். வடிவு அவன் காலடியில் சிதறிக் கிடந்த இரும்புச் சீவலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேஸ். இது யாரு?"

"சிலிண்டர் போடுத ஆளு."

"அவன் நம்பர் எதுக்கு உங்களுக்கு? மாமால்லா கேஸ் புக் பண்ணுவாரு."

"அவரு எங்க பண்ணுதாரு. நாந்தான் பண்ணணும்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பச்சை பட்டனை அமுக்கிக் காதில் வைத்தான்.

மணி போகும் சத்தம் அவளுக்கே கேட்டது. அது நிற்காமல் அடித்தது.  எடுத்துராத தாயி, எடுத்துராத என்று வடிவு உள்ளுக்குள் கிடந்து கும்பிட்டாள். கடைசி வரை அடித்து ஓய்ந்தது. அம்பர்நாத் கம்பெனியில் வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று மகள் ஒருமுறை அலுத்துக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"கேஸ்காரன் எடுக்க மாட்டேங்கானே" என்றான்.

அதற்குள் பட்டறை முதலாளி பூலோகம் உள்ளேயிருந்து வந்தார். வடிவைப் பார்த்து, உட்காருங்கம்மா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். வயசான மனுஷி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், போனைக் கொடுத்து அனுப்பாமல் என்ன விளையாட்டு என்று வேல்ராஜை ஹிந்தியில் ஒரு வார்த்தை அதட்டினார். மெஷினில் போட்ட வேலை அப்படியே நிற்கிறதே என்றார். வேல்ராஜ் போனை அவள் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனான். போனவன் லேத்துப் பக்கத்திலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வடிவு முதலில் அவன் பேசிய தடத்தை அழித்தாள். பிறகு போனை அணைத்து, முதுகைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, அவன் சிம்மை உருவித் தன் சிம்மைச் செருகினாள். வேர்வையில் சிம் வழுக்கியது. உயிர் வந்ததும் அம்மார் சொன்ன இடத்துக்குப் போனாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. கீழே இறங்கி அமுக்கினாள். திரையில் ஒரு கோடு மெல்ல நிறைந்துகொண்டு போனது. லேத்துச் சத்தம் நின்றது. அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கோடு நிறைந்துவிட்டது.

அவள் பேட்டரியைக் கழற்றிச் சிம்மை மாற்றி, அவன் கையில் கொடுத்தாள். அவன் அங்கேயே போட்டுப் பார்த்தான். பெயர் ஒன்றும் இல்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா?"

"என் நம்பரெல்லாம் எடுத்துக்கிட்டேன் மாப்பிள்ள. சிம்ம மாத்தினதுல மத்ததும் போயிருக்கும் போல. எனக்கு என்ன தெரியும்?"

அவன் அவளையே பார்த்தான். முதலாளி அங்கே நிற்காவிட்டால் என்ன செய்திருப்பானோ. வடிவு வாரேன் என்று சொல்லித் திரும்பி நடந்தாள். ரோடு வரும்வரை அவளுக்கு முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

ஸ்டேஷனுக்கு வந்து சிம்மைப் புது போனில் போட்டாள். போனிலிருந்த பெயர்களோடு சிம்மிலிருந்தவையும் கலந்து வந்தன. GAS இருந்தது. அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து போனை வாங்கியதும் யாருடைய மிஸ்டு கால் என்று பார்க்காமல் மகள் திருப்பி அடித்துவிட்டால்?  ரயில்கள் வந்தன, போயின. அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு எடுத்தது. மறுமுனையில் பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது.

"பிரேமா. அம்மா பேசுதேன்."

"எம்மா..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவரு நம்பர்லருந்து போன் வந்திருக்கு.  அவரோட பழைய நம்பர்தான், எனக்கு மனப்பாடம். நான் கம்பெனி கக்கூசுக்குள்ள கதவச் சாத்திட்டு நிக்கேன். அவரு வெளிய நிக்காரா?"

"யாரும் நிக்கல. அவனுக்குத் தெரியாது. சிலிண்டர்காரன் எடுக்கலன்னு நெனச்சிட்டு இருக்கான்."

மகள் நம்பவில்லை. நம்பர் எப்படிப் போனது, போன் எப்படிப் போனது என்று துருவித் துருவிக் கேட்டாள். வடிவு ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அம்மா தனியாகப் பட்டறைக்குப் போய் அவன் முன்னால் உட்கார்ந்து போனைக் கழற்றினாள் என்று கேட்டதும் மகள் அழுதுவிட்டாள். "உன்ன அடிச்சிருந்தா?" என்றாள். வடிவுக்கு அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. அதுவரைக்கும் தனக்கு எதுவும் ஆகலாம் என்று அவள் நினைக்கவே இல்லை. பெஞ்சின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நாளைக்கே வேறு சிம் வாங்கிவிடுவதாகவும், ஜுவைரியா கூடவே இருப்பதாகவும், கதவைத் திறந்து வெளியே வருவதாகவும் மகள் சொன்னாள். புது நம்பரிலிருந்து பாகீரதி மாமி வீட்டு லேண்ட்லைனுக்கு அடிக்கச் சொன்னாள் வடிவு. தாராவிப் பக்கம் போகும் வண்டி வந்தது. மகள் அறைக்குப் போய்ச் சேர்ந்து தாழ்ப்பாள் போடும் வரை போனை வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவள் பெண்கள் பெட்டியில் ஏறினாள்.