கன்றுக்குப் பின்னால்

கீழ்பென்னாத்தூர் சாலையில் பிர்தௌஸ் ஸ்கூட்டர் ஓட்டிவர, அவள் அம்மா பீபி ஜான் பின்னால் உட்கார்ந்திருந்தாள். புளியமரத்தடியிலிருந்து ஒரு கன்றுக்குட்டி திடீரென்று சாலைக்குள் பாய்ந்தது. பிர்தௌஸ் ஹேண்டிலைத் திருப்பவில்லை. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நேராகவே நிறுத்தினாள். கன்று கடந்துவிட்டது.

"அதான் போயிடுச்சே, கெளம்பு," என்றாள் பீபி ஜான்.

"இரும்மா, தாய்மாடு பின்னாடியே வரும்."

பின்னால் பைக்கில் வந்த இளைஞனையும் கைகாட்டித் தடுக்கப் பார்த்தாள். அவன் ஹாரனை அலறவிட்டு முந்திப் போனான். மாடு குறுக்கே வந்தது. விலகிப் போக நினைத்து ஹேண்டிலை வெடுக்கென்று ஒடித்தவன், எதிரே வந்த லாரியில் மோதி விழுந்தான்.

பிர்தௌஸ் ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆம்புலன்ஸ் வருது, கண்ண மூடாதப்பா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது, அவள் பிடித்திருந்த அவன் கை சில்லிட்டுப் போயிருந்தது.