சந்தேகத்தின் பலன்

திண்டிவனம் கோர்ட்டில் ஜெயித்த வழக்கு ஒன்று இப்படித் தொண்டையில் முள்ளாகச் சிக்கும் என்று வக்கீல் கிருஷ்ணவேணி நினைக்கவே இல்லை.

பஸ் கண்ணாடியைக் கல்லால் உடைத்து கண்டக்டரைக் காயப்படுத்திய கேஸ். குற்றவாளிக் கூண்டில் சேரன். போலீஸ் வேலைக்கு எழுதி, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் தேறியிருந்த பையன். சாட்சி ஒரே ஆள், டீக்கடை நடராசன். "தெருவிளக்கு வெளிச்சத்துல பார்த்தேங்க, இவன்தான்."

"நான் அன்னிக்கு ராத்திரி வரைக்கும் வளவனூர்ல கான்கிரீட் போட்டுக்கினு இருந்தேன் மேடம். அந்தோணிசாமி மேஸ்திரியைக் கேளுங்க," என்றான் சேரன்.

மேஸ்திரியும் அவள் ஆபீசுக்கு வந்து நின்றார். பாவம், வாயில்லாப் பூச்சி. அவள் சும்மா தேதி கேட்டதற்கே மூன்று தேதி சொன்னார். இவரைக் கூண்டில் ஏற்றினால் அரசு வக்கீல் உரித்துவிடுவாரே! பொய் சாட்சி என்று ஆகிவிட்டால் எல்லாமே போச்சு.

அதற்குள் அவள் கைக்கு வேறொன்று வந்துவிட்டது. அன்று மாலை ஏழரை முதல் ஒன்பது வரை அந்தத் தெருவில் கரண்டே இல்லை என்று மின்சார ஆபீஸ் பதிவேடு சொன்னது. கல் விழுந்தது எட்டு மணிக்கு.

"மேஸ்திரி வேணாம். நீ அங்க இல்லைன்னு நாம நிரூபிக்கத் தேவையே இல்லப்பா. நடராசனால பார்த்திருக்க முடியாதுன்னு காட்டினா கேஸ் உட்கார்ந்துடும்."

"வேலைக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?"

"முதல்ல ஜெயிலுக்குப் போகாம இருப்பியா!" என்று எரிந்து விழுந்தாள். போலீஸ் வேலைக்கான விதி அவளுக்குத் தெரியாததில்லை. நிச்சயமான வெற்றி கண்ணை மறைத்துவிட்டது.

கேஸ் உட்கார்ந்தது. இருட்டில் முகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, எனவே சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்று தீர்ப்பு. அவனுடைய அம்மா பிரபாவதி கோர்ட் வாசலிலேயே எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள்.

இரண்டு மாதத்தில் போலீஸ் தேர்வு வாரியத்திலிருந்து சேரனுக்குக் கடிதம் வந்தது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார், தேர்வு ரத்து.

ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்று கேஸ் கட்டைப் பிரித்து உட்கார்ந்தாள் கிருஷ்ணவேணி. காலையிலிருந்து மூன்று முறை படித்துவிட்டாள். விளக்கு எரியவில்லை என்பதற்குப் பக்கம் பக்கமாகச் சாட்சியம் இருந்தது. நடராசனின் கண்ணை அவள் தோற்கடித்திருந்தாள், அவ்வளவுதான். கல்லை எறிந்தது சேரன் இல்லை என்பதற்கு மட்டும் ஆதாரம் ஒரு வரி கூட இல்லை. இருட்டு சேரனுக்கும் பொது, எறிந்தவனுக்கும் பொது. மேஸ்திரி உளறியிருந்தாலும் உளறட்டுமே, ஏற்றியிருக்க வேண்டும். பாவி நான், பயந்து செத்தேனே!

எதிரே சேரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், நான் வளவனூர்ல இருந்தேன்னு நீங்களாவது நம்புனீங்களா?"

"நம்பினேன்பா. சத்தியமா."

"அப்ப அதை ஏன் மேடம் கோர்ட்ல யாருமே சொல்லல?"