ஆறாவது படம்

பேருந்து நிலையக் கழிப்பறைக் கண்ணாடியில் அவள் தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு செல்போனில் தன் புரொஃபைல் படத்தைப் பார்த்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள்.

பன்னு வரும் நேரமாகிவிட்டது.

பன்னு வேறு ஊரில் பேக்கரியில் வேலை செய்பவள். இணையத்தில் நடந்த கணக்கு வகுப்பில் பழக்கமானவள். வகுப்பு முடிந்தும் பேச்சு முடியவில்லை. வேலை விட்டு வந்ததும் இவள் குரல் செய்தி அனுப்பிப் பன்னுவின் காதைத் துளைப்பதால், பன்னு இவளுக்கு வைத்த பெயர் கொசு. வீடியோவில் வரச் சொன்னபோதெல்லாம் கொசு நெட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தாள்.

இவளுக்குக் கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. வாடகை அறையில் தனியாக இருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்க இந்த ஊரில் நாதியில்லை. பன்னு ஒருத்திதான் கேட்பாள். இந்த முகத்தைப் பார்த்தால் இன்று அவளும் போய்விடுவாள்.

அந்தப் படத்தில் முதலில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அறைக் கதவருகே நின்று எடுத்த செல்ஃபி. போனை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்ததால் மூக்கு புடைத்துத் தெரிந்தது. எடிட்டிங் ஆப்பில் அதைச் சற்றுச் சுருக்கிச் சேமித்தாள். அடுத்த வாரம், சேமித்த படத்தையே திறந்து தோலை வழுவழுப்பாக்கினாள். அதன்மேல் ஒரே தடவையில் நிறத்தைக் கூட்டிக் கண்ணையும் பெரிதாக்கினாள். கன்னத்து மச்சத்தில் விரலை வைத்ததும், ஆப் பக்கத்துத் தோலை எடுத்து அதன்மேல் பூசிவிட்டது. கடைசியாக, ஆறாவது படத்தில், தாடையை உள்ளே தள்ளியபோது, பின்னாலிருந்த கதவு நிலையும் கூடவே வளைந்தது. அது தெரியாமலிருக்கப் பின்னணியை மங்கலாக்கினாள். ஒவ்வொரு முறையும் முந்தின படத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தாள், கண்ணாடியோடு இல்லை. அதனால் எப்போதும் கொஞ்சம்தான் மாறியது போலிருந்தது.

போனை அணைத்துவிட்டு வெளியே வந்து தூணோரம் நின்றாள்.

பேருந்திலிருந்து பன்னு இறங்கினாள். அவள் படத்தில் இருப்பது போலவேதான் இருந்தாள், அதே உருண்டை முகம், கையில் ஒரு அட்டைப்பெட்டி. சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் பார்வை இவள் மேல் விழுந்து, நிற்காமல் நகர்ந்தது. போனைக் காதில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

இப்படியே போய்விடலாம் என்று இவளுக்குத் தோன்றியது. ஆனால் போகவில்லை.

பன்னு டிக்கெட் கொடுப்பவரிடம் போனை நீட்டி எதையோ கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். தரை துடைக்கும் அம்மாவிடம் கேட்டாள். பிறகு நேராகத் தூணை நோக்கி வந்தாள்.

"அக்கா, இந்தப் பொண்ண இங்க எங்கயாவது பாத்தீங்களா?"

போன் திரையில் அந்த ஆறாவது முகம் சிரித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். இவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"என் ஃப்ரெண்டுக்கா. வரேன்னு சொன்னா. போன் அணஞ்சு கெடக்கு. தனியா இருக்கிற பொண்ணு, அதான் பக்குனு இருக்கு."

பன்னு வாசலில் இருந்த போலீஸ் அறைப் பக்கம் திரும்பி நடந்தாள். வெள்ளையான பொண்ணு, ஒடுங்கின தாடை, மச்சம் கிச்சம் எதுவும் இல்லை என்று அவள் சொல்லப்போகிறாள். எழுதிக்கொள்வார்கள். பிறகு அப்படி ஒருத்தியை ஊரெல்லாம் தேடுவார்கள்.

"பன்னு."

பன்னு சட்டென்று நின்றாள். திரும்பிப் பார்த்து, இவள் முகத்தைத் தாண்டிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடினாள். பிறகு மெதுவாக இவளிடம் பார்வை வந்தது. ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"குரல் கொசுவோடது. அப்ப இது யாரு படம்?"

"என்னோடதுதான்."

"பொய் சொல்லாத. எவளோட போட்டோவ எடுத்துப் போட்டுக்கிட்ட?"

திட்டு வாங்க இவள் தயாராகத்தான் இருந்தாள். தன் படத்தையே திருடியதாகச் சொல்வாள் என்று நினைக்கவில்லை. போனை உயிர்ப்பித்து கேலரியைத் திறந்தாள். சேமித்த எல்லாப் படங்களும் வரிசையாக இருந்தன. ஆறாவதிலிருந்து பின்னோக்கித் தள்ளினாள். தாடை அகன்றது, கதவு நிமிர்ந்தது. மச்சம் வந்தது, கண் சுருங்கியது, நிறம் இறங்கியது. தோலில் பழைய பருத் தழும்புகள் முளைத்தன. கடைசித் தள்ளலில் மூக்கு பழைய அளவுக்கு வந்தது.

பன்னு போனை வாங்கி அந்த முதல் படத்தை இவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபமா என்று தெரியவில்லை.

"எங்கிட்டயே தலையாட்டினியே. செத்துட்டியோன்னு நெனச்சேன் தெரியுமா?"

மன்னிச்சிடு என்று இவள் உதடு மட்டும் அசைந்தது.

பன்னு போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அட்டைப்பெட்டியை இவள் கையில் வைத்தாள்.

"இதப் பிடி. டிக்கெட்காரர்கிட்டயும் அந்தம்மாகிட்டயும் ஆள் கெடச்சாச்சுன்னு சொல்லணும். தேடிட்டிருப்பாங்க. நீயும் வா."

"நானா? அவங்க நம்ப மாட்டாங்க."

"நம்பாட்டிப் போகட்டும். நீ வந்து நில்லு."

பெட்டியை அணைத்துக்கொண்டு கொசு அவள் பின்னால் நடந்தாள்.