கை வைத்த சவன்

கல்யாணச் சாப்பாட்டு வாசனை என்றாலே டொரதிக்கு இப்போதெல்லாம் சலிப்புத்தான். பின்னே என்ன, இரண்டு வருடமாக வாரக் கடைசி வந்தால் ஏதாவதொரு மண்டபத்துச் சமையலறையில்தான் நிற்கிறாள். யாரும் தொடாத சோறும் கறியும் மஹய்யாவையில் அவள் நடத்தும் மலிவுச் சாப்பாட்டுக் கடைக்குப் போகும். தட்டில் மிஞ்சியது டின்களில் ஏறி கிறகரியின் பன்றிப் பண்ணைக்குப் போகும். கிறகரி கொடுக்கும் காசில்தான், இதையெல்லாம் ஏற்றிப் போகும் பாயிஸின் த்ரீவீலுக்குப் பெற்றோல். மண்டபக்காரர்கள் அவளை உள்ளே விடுவதும் கழிவைச் சும்மா அள்ளிப் போகிறாளே என்றுதான். தர்ம சிந்தனை, மண்ணாங்கட்டி என்றெல்லாம் ஒன்றுமில்லை.

அன்று குண்டசாலை மண்டபத்தில் பகல் கல்யாணம். முஸ்லிம் கல்யாணத்துக்கு அவள் வருவது முதல் தடவை. புசல்லாவைப் பக்கம் மண் சரிந்து, மாப்பிள்ளை வீட்டு பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. அவர்களுக்கென்று சமைத்த புரியாணி ஒரு பெரிய அண்டா நிறைய, மூடி திறக்காமல் தணல்மேல் இருந்தது.

டொரதி சோற்றின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தாள். நல்ல சூடு. சூடு ஆறுவதற்குள் கடைக்குக் கொண்டுபோய்ப் பரிமாறிவிடலாம். காலையிலிருந்து வெளியிலேயே கிடந்த தேங்காய்ப்பால் வட்டிலப்பத்தை வேண்டாமென்று ஒதுக்கினாள். அப்புறம் சவன்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சாப்பாடு அது. மூன்று பேர் மட்டுமே உட்கார்ந்து பாதியை அப்படியே விட்டிருந்தாலும், கை வைத்தது கை வைத்ததுதான். அவற்றைப் பாயிஸ் டின்களில் கொட்டிக்கொண்டிருந்தான்.

பெண்ணின் தாய் கைரியா பட்டுச் சேலையோடு சமையலறைக்குள் வந்தார். அண்டாவைக் காட்டி, "பசிச்ச சனத்துக்குப் போய்ச் சேந்தாச் சரி. எடுத்துட்டுப் போங்க," என்றார். திரும்பப் போனவர் டின்களைப் பார்த்து நின்றார். "இது எங்க போகுது?"

டொரதிக்குத் திக்கென்றது. உண்மையைச் சொன்னால் அண்டா போச்சு. கடைவாசலில் தினமும் சோறு வாங்க வரும் பாப்பம்மாவும் மற்றவர்களும் இந்நேரம் பாத்திரத்தோடு நிற்பார்கள். அவள் 'உரத்துக்கு' என்று வாயெடுத்தாள்.

"பண்டிப் பண்ணைக்கு, சாச்சி," என்றான் பாயிஸ். "நான்தான் ஏத்துறது."

கைரியாவின் முகம் சுருங்கிவிட்டது. அவர் பாயிஸைத்தான் பார்த்தார், டொரதியை அல்ல. "துஆ ஓதின சாப்பாடு, மகன். ஒரு பருக்க அங்க போகப்படாது."

"போகாதும்மா," என்றாள் டொரதி. "டின்ன இங்கயே வச்சிட்டுப் போறோம்."

மேனேஜர் இராமகிருஷ்ணன் குறுக்கே வந்தார். "அப்ப இத யாரு அள்ளுறது? கழிவு போகலன்னா சோறும் போகாது. நம்ம பேச்சு அதுதானே?"

அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லாத நாளில் வந்த கோபம். "ரெண்டு வருசமா சும்மா அள்ளியிருக்கேன், சார். நான் இங்க கையேந்தி வரல, ஒங்க வேலையச் செய்யத்தான் வாறேன். இனிமே அள்ளுறதுக்குக் கூலி குடுங்க. உரம் போடுற ஆள் இருக்காரு, அவருகிட்ட கொண்டு போறேன். அவரு எனக்குக் காசு தரமாட்டாரு. நீங்கதான் தரணும்."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். கைரியா சிரிக்கவில்லை. "குடுங்க. இன்னம் ரெண்டு கல்யாணம் ஈக்கிது எங்கட வீட்டுல. இத ஒழுங்காச் செய்யிற மண்டபத்துக்குத்தான் நாங்க வருவோம்," என்றார். மேனேஜர் தலையைச் சொறிந்து, சரி என்றார். இவ்வளவு காலம் கேட்காமல் விட்டோமே என்று டொரதிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அண்டாவையும் டின்களையும் ஏற்றிக்கொண்டு த்ரீவீல் கிளம்பியது. பன்றிப் பண்ணைக்குப் போவதைப் பாயிஸ் தன் வீட்டில்கூடச் சொன்னதில்லை. இன்று கல்யாண வீடு முழுக்கத் தெரிந்திருக்கும். அவனைப் பார்க்கவே டொரதிக்குப் பாவமாக இருந்தது.

"என்னத்துக்குத் தம்பி சொன்ன? நான் எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேனே."

"என்ட மானத்தக் காப்பாத்தவா, அக்கா? இல்லாட்டி சோத்துக்கா?"

பொய் சொல்ல அவளுக்கு அலுப்பாக இருந்தது. "சோத்துக்குத்தான்."

"தெரியும்," என்றான் பாயிஸ். "ஒங்கட கடையில என்ட புள்ளைகளும்தானே தின்னுது. பொய் செல்லி வாங்கின சோத்த அதுகளுக்கு எப்பிடிக் குடுக்கிற?"