எதிர்க்கடைப் பெண்ணைப் பற்றி லேபுக்கு எழுதியது

காளியண்ணனுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்கிற சொல். காலையில் செம்மேட்டில் கடையைத் திறந்து, மோட்டார் பம்புகளுக்கு மேலே இருக்கிற சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி முடிப்பதற்குள் மூன்று தடவை எதிர்க்கடையைப் பார்த்துவிடுவார். சாமியைப் பார்த்தது ஒரு தடவைதான்.

எதிர்க்கடை பானுமதியுடையது. ஆறு வருஷம் இவர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போட்ட பெண். சித்திரையில் வேலையை விட்டாள். ஆவணியில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்ப்ரேயர், பைப், மருந்தடிக்கிற குழாய் என்று சின்னதாய் ஒரு கடை வைத்தாள். ஊர்க்காரர்கள் வாய் கூசாமல் அவளை முதலாளியம்மா என்றார்கள். காளியண்ணனுக்கு மட்டும் அவள் இன்றைக்கும் 'அந்தப் புள்ள'தான்.

அவள் கடைக்கு வருகிறவர்களை இவர் எண்ணுவார். "ஒம்பது பேரு. அதுல ரெண்டு பேரு வெறும் தண்ணி குடிக்க வந்தவங்க" என்று மனைவி அத்தாயியிடம் கணக்குச் சொல்வார். அவள் வாடிக்கையாளர் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். மறுநாளே இவர் ஆறு போட்டார். உட்காரத்தான் ஆள் வரவில்லை.

தை பிறந்த வாரம் மோட்டார் கம்பெனி ஆள் மலைக்கு வந்தார். கொல்லிமலைக்கு ஒரே ஒரு டீலர் வைக்கப் போகிறார்கள், போன மார்ச்சோடு முடிந்த மூன்று வருஷத்து விற்பனை பில்லைத் தை முடிவதற்குள் காட்டுகிறவருக்குத்தான் என்று போனிலேயே சொல்லியிருந்தார். காளியண்ணனுக்கு அது உயிர்மூச்சு மாதிரி. டீலர்ஷிப் வந்தால் சரக்கு நேராகக் கடை வாசலில் வந்து இறங்கும். வராவிட்டால் நாமக்கல் மொத்த வியாபாரியிடம் கை கட்டி நின்று வாங்கி, எழுபது வளைவு ஏற்றிக் கொண்டுவந்து, கடைசியில் நூறு ரூபாய் நிற்கிற பிழைப்புத்தான் ஆயுசுக்கும்.

கம்பெனி வண்டி வந்தது. வந்த வண்டி எதிர்க்கடை முன்னால் நின்றது. அந்த ஆள் இறங்கி, பானுமதி போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த டீயையும் குடித்தார்.

காளியண்ணன் அப்போது பில் போட்டுக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே கால் தன்னால் போனது. கம்ப்யூட்டர் பெட்டியை ஓங்கி ஓர் உதை. உள்ளே 'டிக்' என்றது. இன்னொரு 'டிக்'. திரை நீலமாகி அணைந்தது. இவர் போட்டுப் போட்டு அணைத்தார், பதினைந்து தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த டிக் டிக்தான் வந்தது, பில் வரவில்லை. ஆத்திரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு நாமக்கல்லுக்குப் போன் போட்டார்.

நாமக்கல் கம்ப்யூட்டர் கடைக்காரன் போனிலேயே சத்தம் போட்டான். "இனி ஆன் பண்ணாதீங்க அண்ணா. ஹார்டு டிஸ்க் போயிருச்சு. கழட்டி, கெட்டுப்போன டிஸ்க்குல இருக்கறத மீட்டு எடுக்குற லேபு ஒண்ணு கோயமுத்தூர்ல இருக்குது, அங்க அனுப்புங்க. என்ன ஆச்சு, என்னென்ன பண்ணுனீங்கன்னு ஒரு லெட்டர் எழுதி உள்ள வையுங்க."

அன்று மதியமே காளியண்ணன் கடை லெட்டர்பேடை எடுத்தார். அத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து டிஸ்கை மோட்டார் பெட்டியில் இருந்த ஸ்பாஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

'ஐயா, எங்கள் கடையின் பில்லிங் முழுவதும் இந்த டிஸ்கில் உள்ளது. நேற்று வரை நன்றாக வேலை செய்தது. திடீரெனத் தானாக நின்றுவிட்டது. முன்பு எங்களிடம் வேலை பார்த்து, ஒன்பது மாதம் முன் நின்றுவிட்ட பெண் ஏதோ செய்திருப்பதாகச் சந்தேகிக்கிறேன். மூன்று வருட பில்களை எப்படியாவது எடுத்துத் தரவும்.'

அத்தாயி எட்டிப் படித்தாள். "ஒதைச்சத எழுதலீங்களா?"

"அதெதுக்கு அவங்களுக்கு."

"பதினஞ்சு தடவ போட்டு அமத்துனது?"

"நீ டிஸ்க்கச் சுத்து."

"அந்தப் புள்ள மேல பழி போட்டிருக்கீங்க."

"சந்தேகம்னுதான எழுதியிருக்கேன். சந்தேகப்படக் கூடாதா?"

அத்தாயி பெட்டியை ஒட்டுகிற டேப்பை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினாள். பார்சல் மத்தியான பஸ்ஸில் இறங்கிப் போனது.

மூன்று வாரம் கழித்து லேபிலிருந்து போன் வந்தது. பேசியவர் பெயர் அருள்மொழி. காளியண்ணன் ஸ்பீக்கரில் போட்டது தப்பாகப் போயிற்று.

"சார், டிஸ்க்கத் தூசி இல்லாத ரூம்ல வெச்சுத் திறந்து பார்த்தோம். உள்ள தட்டு மாதிரி ஒண்ணு சுத்தும். அதுமேல முடியளவுகூட இல்லாத இடைவெளியில ஹெட்டுன்னு ஒண்ணு மிதந்துக்கிட்டே படிக்கும். உங்களுதுல ஓடிட்டிருக்கும்போதே பலமா அடி பட்டிருக்கு. ஹெட் தட்டுல மோதி உடைஞ்சிருக்கு. அதுக்கப்புறம் யாரோ பல தடவ ஆன் பண்ணியிருக்காங்க. உடைஞ்ச ஹெட் தட்டை வட்டம் வட்டமாச் சுரண்டிருச்சு. பில்லு அந்தத் தட்டு மேலதான் இருந்துச்சு. அது இப்பத் தூளாப் போச்சுங்க."

"வேற ஹெட்டு மாட்ட முடியாதுங்களா?"

"மாட்டினா அதையும் அந்தக் கீறல் உடைச்சிரும். எங்களால எடுக்க முடியல. எடுக்காததுக்குக் காசும் வேண்டாம். இன்னொண்ணுங்க சார். யாராச்சும் வேணும்னு அழிச்சா தட்டுல கீறல் விழாது. நேத்து வரைக்கும் ஓடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணு நின்னு ஒம்பது மாசம்னும் எழுதியிருக்கீங்க. ஒம்பது மாசம் கழிச்சு எப்படிங்க வந்து அடிப்பாங்க?"

காளியண்ணன் ஸ்பீக்கரை அணைக்கிற பட்டனைத் தேடினார். அத்தாயி கூரையைப் பார்த்தாள்.

"பில் போட்டவங்க காப்பி ஏதாச்சும் எடுத்து வெச்சிருப்பாங்க சார். அவங்ககிட்டக் கேட்டீங்களா? டிஸ்க்கத் திருப்பி அனுப்பணும்னா ரெண்டு வரி எழுதிப் போடுங்க" என்று அருள்மொழி வைத்துவிட்டார்.

தை முடிய இரண்டு நாள்தான் இருந்தது. காளியண்ணன் எதிர்க்கடையைப் பார்த்தார். பானுமதி ஒருத்தருக்குக் குழாயை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்க் கேட்பதா? செத்தாலும் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

அத்தாயிதான் மெல்ல ஆரம்பித்தாள். "சனிக்கிழமையானா அந்தப் புள்ள சின்னதா ஒண்ணு சொருகி எடுக்குமே. பச்சக் கயிறு கட்டி."

"அது எங்க போச்சோ."

"கட தொறக்குறதுக்குப் பத்திரிகை வெக்க வந்துதே, ஒரு மஞ்சப்பையில. தொடாதேன்னீங்க."

தொடாதே என்று சொன்னது உண்மைதான். அன்றைக்கு அவள் வாசலில் நின்று "அண்ணா, நீங்கதான் வந்து விளக்கேத்தணும்" என்றபோது இவர் ஸ்குரூ எண்ணிக்கொண்டிருந்தார். திறப்பு விழாவன்று கடையைப் பூட்டிவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தார்.

அத்தாயி ஸ்டூல் போட்டு ஏறி, காலி மோட்டார் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தாள்.

"உள்ள தேங்கா இருந்திருக்குமே, நாறலையா?"

"தேங்காய மட்டும் அன்னிக்கே எடுத்துட்டேன். சட்னியரைச்சு நீங்களும்தான் தின்னீங்க."

வெற்றிலை சருகாகிக் கிடந்தது. பத்திரிகைக் கவர் ஒட்டினபடியே இருந்தது. அதைக் கிழித்ததும் பச்சைக் கயிறு கட்டின பென்டிரைவ் மேசையில் விழுந்தது. கூடவே ஒரு துண்டுத்தாள்: 'அண்ணா, மார்ச் முடிய எல்லா பில்லும் இதில் இருக்கு. நான் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை தவறாமல் காப்பி எடுங்க. பானு.'

ஐந்து மாசமாகத் தலைக்கு மேலே இருந்திருக்கிறது. இவர் அதற்குக் கீழே உட்கார்ந்து அவளைக் கரித்துக்கொட்டியிருக்கிறார். காளியண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அத்தோடு விட்டதா என்றால், இல்லை. பென்டிரைவைச் சொருக இவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. அந்த பில்லிங் சாப்ட்வேர் செம்மேட்டில் இருக்கிற இன்னொரு கடை எதிரேதான் இருந்தது. அரை மணி நேரம் கதவோரம் நின்றார். பிறகு ரோட்டைக் கடந்தார். பதினைந்தடி ரோடுதான்.

"வாங்கண்ணா" என்று பானுமதி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பென்டிரைவைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கவரை இவர் இப்போதுதான் பிரித்திருக்கிறார் என்பதும் புரிந்திருக்கும். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது காளியண்ணனுக்கு.

"இந்த பில்லு வந்தா டீலர்ஷிப் எனக்குப் போயிரும். உனக்கு அது பரவால்லியா?" என்று கேட்டே விட்டார்.

பானுமதி சிரித்தாள். "ஏனுங்கண்ணா, மூணு வருச பில்லு கேக்குறாங்க. நான் கட வெச்சே அஞ்சு மாசந்தான ஆச்சு. எனக்கு எப்படிக் குடுப்பாங்க? அன்னிக்கு அந்த ஆளு வழி கேட்டுத்தான் நின்னாரு. டீ குடிச்சுட்டு உங்க கடைக்குத்தான் வந்தாரு. நீங்கதான் அதுக்குள்ள ஷட்டர எறக்கிட்டீங்க." பென்டிரைவைச் சொருகியபடியே சொன்னாள். "நீங்க டீலரானா நான் உங்ககிட்டவே சரக்கு எடுத்துக்குவேன். நாமக்கல் வண்டி வாடகை மிச்சம். சும்மா ஒண்ணும் செய்யலீங்க."

அஞ்சு மாசம். கடைக்கு வந்த தலையையெல்லாம் எண்ணிய மனுஷனுக்கு அந்த ஐந்தை எண்ணத் தோன்றவில்லை.

பிரிண்டர் சாயங்காலம் வரை ஓடியது. கட்டுக்கட்டாக வந்த பில்களைக் காளியண்ணன் வாங்கி அடுக்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வரி இருந்தது: 'பில் போட்டவர்: பானுமதி.' மூன்று வருஷத்தில் இவர் பெயர் மேலே கடைப் பெயரோடு சரி.

மறுநாள் கம்பெனி ஆள் மறுபடி வந்து பில் கட்டைப் புரட்டினார். திருப்திதான். கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட்டார். "யாருங்க இந்த பானுமதி? எல்லா பில்லுலயும் இவங்க பேருதான் இருக்கு."

"அது... முன்ன இங்க வேல பார்த்த புள்ளைங்க" என்றார் காளியண்ணன். அத்தாயி டீ டம்ளரை மேசையில் சத்தமாக வைத்தாள்.

வண்டி இறங்கிப் போனதும் அவர் லெட்டர்பேடை எடுத்தார். டிஸ்கைத் திருப்பி அனுப்பச் சொல்லி இரண்டு வரி எழுத வேண்டும். எழுதினார்.

'ஐயா, டிஸ்கைத் திருப்பி அனுப்பவும். போன கடிதத்தில் எழுதியது பொய். அது தானாக நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது நான்தான் காலால் உதைத்தேன். பதினைந்து தடவை ஆன் செய்ததும் நான்தான். எங்களிடம் முன்பு வேலை பார்த்த பெண் மேல் தப்பில்லை. அவர் எடுத்து வைத்த காப்பியால்தான் பில்கள் கிடைத்தன.'

அத்தாயி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அவர் முன்னாலேயே வைத்தாள். போகவில்லை, நின்றாள்.

காளியண்ணன் எதிரே பார்த்தார். கடையில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தர்கூடத் தண்ணி குடிக்க வந்தவர் இல்லை. வயிறு எரியத்தான் செய்தது.

பேனாவைத் திறந்து, 'எங்களிடம் முன்பு வேலை பார்த்த பெண்' என்பதை அழுத்தி அடித்தார். அதற்கு மேலே இடம் போதாமல் நெருக்கி எழுதினார்: 'எதிர்க்கடை முதலாளி பானுமதி.'